"ரீசனபிள் அண்ட் கஸ்டமரி"ன்னு சொல்லி பில்லை குறைச்சிட்டாங்களா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

நான் எட்டு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியோட இன்சூரன்ஸ் டெஸ்க்ல வேலை பார்த்தேன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு இல்லன்னா பணம் வந்த அன்னிக்கு, கையில லெட்டரோட வந்து நிக்கிறவங்க திரும்பத் திரும்ப கேட்டது இந்த ஒரு வரியைப் பத்தித்தான். போன வருஷம் எங்க சித்தப்பாவுக்கே அந்த லெட்டர் வந்துச்சு. அதனால இங்க இருக்கறதுல பாதி டெஸ்க்ல பார்த்தது, பாதி வீட்டுல பட்டது.

"பில் 1,28,600. 75,000 தான் போட்டாங்க. லெட்டர்ல ரீசனபிள் அண்ட் கஸ்டமரி சார்ஜஸ்னு ஒரு வரி. அப்படின்னா என்னங்க?"

உங்க ஆஸ்பத்திரி வாங்கின தொகை, அந்த ஊர்ல அந்த வைத்தியத்துக்கு வழக்கமா ஆகுற செலவை விட அதிகம்னு இன்சூரன்ஸ் கம்பெனி நினைக்குது, அதனால "வழக்கமான செலவு"ன்னு அது எடுத்துக்கிட்ட தொகையை மட்டும் கொடுத்திருக்கு, அவ்ளோதான் அந்த வரிக்கு அர்த்தம். கிளைமை ரிஜெக்ட் பண்ணல, வைத்தியம் தேவையில்லைன்னும் சொல்லல. விலை ஜாஸ்தின்னு சொல்றாங்க. அப்படி சொல்றவங்க, ஜாஸ்தின்னா எதை விட ஜாஸ்தின்னும் சொல்லணும், ஆனா நான் பார்த்த லெட்டர்ல முக்காவாசில அது இருக்காது.

"இது பாலிசில எங்க இருக்கு? நான் படிச்ச மாதிரியே ஞாபகம் இல்லையே"

பாலிசி புக்லெட் ஆரம்பத்துல வரையறைகள்னு ஒரு பகுதி வரும், ஹாஸ்பிட்டல்னா என்ன, டே கேர்னா என்னன்னு வரிசையா போட்டிருப்பாங்க, அதுக்குள்ள இருக்கும். இதை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா எழுதிக்கல, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ எல்லாருக்கும் பொதுவா கொடுத்த ஸ்டாண்டர்ட் வரையறை இது, 2013ல வந்த வழிகாட்டுதல்லயே இருக்கு, 2020 மாஸ்டர் சர்குலர்லயும் அப்படியே வந்துச்சு. அதனால எந்த கம்பெனி பாலிசின்னாலும் வார்த்தை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

தமிழ்ல சொன்னா இப்படி வரும்: குறிப்பிட்ட அந்த ஆஸ்பத்திரி வழக்கமா வாங்குற கட்டணமா இருக்கணும், அதோட அந்தப் பகுதியில அதே மாதிரி இல்லன்னா ஒத்த சேவைக்கு நடப்புல இருக்கற கட்டணத்தோட ஒத்துப் போகணும், இதைப் பார்க்கும்போது நோயோட இல்லன்னா காயத்தோட தன்மையையும் கணக்குல எடுத்துக்கணும்.

பொறுமையா ரெண்டு தடவை படிங்க, ஏன்னா முழு சண்டையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளதான் இருக்கு. மூணு விஷயம் சொல்லுது. ஒண்ணு, இதே ஆஸ்பத்திரி மத்தவங்ககிட்டயும் இதைத்தான் வாங்குதா, இல்ல கார்டைப் பார்த்ததும் ஏத்திட்டாங்களா. ரெண்டு, அந்த ஊர்ல அதே தரத்துல இருக்கற மத்த ஆஸ்பத்திரிகள்ல என்ன ஆகுது. மூணு, இந்த நோயாளிக்கு வந்தது சாதாரண கேஸா சிக்கலான கேஸா. இந்த மூணையும் பார்த்துட்டுதான் ஒரு தொகை ஜாஸ்தின்னு சொல்ல முடியும். ஆனா நடைமுறைல ரெண்டாவதை மட்டும், அதுவும் தங்களுக்குத் தோதான முறைல பார்த்துட்டு கட் பண்ணிடறாங்க.

"அஞ்சு லட்சம் கவர் இருக்கு சார், ஒன்றரை லட்சம் கூட ஆகல, அப்புறம் எப்படி குறைக்கலாம்?"

சம் இன்சூர்டுங்கறது மேல் எல்லை, அவ்ளோதான். அதுக்குள்ள வர்ற எல்லா பில்லையும் கட்டிடுறேன்னு கம்பெனி வாக்கு கொடுக்கல. பாலிசில ஹாஸ்பிடலைசேஷன் கவர்னு வர்ற இடத்தைப் பாருங்க, நியாயமான வழக்கமான செலவை தருவோம்னுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். "அஞ்சு லட்சம் இருக்கே"ன்னு மட்டும் எழுதுற மெயிலுக்கு பலனே இருக்காது, அந்த வாதத்துல நேரத்தை விடாதீங்க.

"எனக்கு ரூம் வாடகைன்னு சொல்லியும் கட் பண்ணியிருக்காங்க, கையுறை மாஸ்க்னும் கட் பண்ணியிருக்காங்க. எல்லாம் இதுதானா?"

இல்லைங்க, மூணும் வேற வேற, முதல்ல இதைப் பிரிச்சுக்கணும்.

கையுறை, கவுன், சில ஃபைல் சார்ஜ் மாதிரி போறது நான்-பேயபிள், அதுக்குன்னு ஐஆர்டிஏஐ லிஸ்டே இருக்கு, கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் எடுத்திருந்தா ஒழிய அது வராது. ரூம் வாடகைல உங்க எல்லை ஒரு நாளைக்கு 5,000னு இருந்து நீங்க 8,000 ரூம்ல இருந்தா, வாடகை மட்டும் இல்லாம டாக்டர் ஃபீஸ், ஓடி சார்ஜ் எல்லாம் அதே விகிதத்துல குறையும், அது ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன். இதுல மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் இதையெல்லாம் விகிதம் போட்டு குறைக்கக் கூடாது, ஐசியூ சார்ஜையும் குறைக்கக் கூடாது, ரூம் பொறுத்து கட்டணம் மாறாத ஆஸ்பத்திரின்னா இந்தக் கழிவே வரக்கூடாது.

இந்த ரெண்டுக்கும் பாலிசில நம்பர் இருக்கு, கால்குலேட்டர் வெச்சு நீங்களே சரிபார்க்கலாம். ரீசனபிள் அண்ட் கஸ்டமரிக்கு பாலிசில நம்பரே கிடையாது. அடையாளம் கண்டுபிடிக்கறதும் சுலபம்: கட் ஆன தொகை எந்த சதவீதத்துக்கும் ஒத்து வராம, கைக்கு வந்தது மட்டும் 75,000, 60,000னு உருட்டின தொகையா இருந்தா, யாரோ ஒரு பேக்கேஜ் ரேட்டை எடுத்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

"அந்த 75,000ங்கற நம்பர் எங்கேர்ந்து வருது?"

பெரும்பாலும் நெட்வொர்க் டாரிஃப்ல இருந்து, அதாவது கம்பெனியோட ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரிகளோட கட்டணப் பட்டியல்ல இருந்து. ஒவ்வொரு கம்பெனியும், கம்பெனிக்காக கிளைமைப் பார்க்கற டிபிஏவும் ஊருக்கு ஊரு ஆஸ்பத்திரிகளோட ஒப்பந்தம் போட்டு, பித்தப்பை ஆபரேஷனுக்கு இவ்ளோ, ஹெர்னியாவுக்கு இவ்ளோன்னு பேக்கேஜ் பேசி வெச்சிருப்பாங்க. நேஷனல், நியூ இந்தியா, ஓரியன்டல், யுனைடெட் இந்தியான்னு நாலு அரசு கம்பெனியும் சேர்ந்து வெச்சிருக்கற ஜிப்சா பிபிஎன்ங்கற ஆஸ்பத்திரி நெட்வொர்க் இதுல பழசு, 2010 ஜூலைல சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூர்ல பல பெரிய ஆஸ்பத்திரிகள்ல கேஷ்லெஸ்ஸை நிறுத்தி இந்த பேக்கேஜ் ரேட்டை கொண்டு வந்தாங்க, அப்ப நடந்த கூச்சல் பலருக்கு ஞாபகம் இருக்கும். இது போக கம்பெனிகிட்ட பழைய கிளைம் டேட்டா இருக்கும், அதே ஊர் பின்கோடுல அதே ஆபரேஷனுக்கு போன வருஷங்கள்ல கட்டினதோட சராசரி.

இப்ப இதுல என்ன தப்புன்னு கேட்டா, பேக்கேஜ் ரேட்ங்கறது மொத்த வியாபார ரேட். மாசத்துக்கு இத்தனை கேஸ் அனுப்புறேன், பேனல்ல பேர் போடறேன், நீ குறைச்சுக்கோன்னு பேசி வாங்கினது. நீங்க தனி ஆளா கவுண்டர்ல போய் நின்னா அந்த ரேட்டை யாரும் உங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. வரையறைல இருக்கற வார்த்தை "நடப்புல இருக்கற கட்டணம்". தெருவுல நடந்து போற ஒருத்தருக்குக் கிடைக்காத ரேட்டை அந்த ஊரோட நடப்பு ரேட்னு எப்படி சொல்றது? என் பார்வைல இதுதான் நம்ம பக்கம் இருக்கற ஆக வலுவான வாதம்.

அவங்க பக்கமும் ஒரு பதில் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இப்ப பெரிய ஆஸ்பத்திரிகள்ல வர்ற நோயாளிகள்ல நிறைய பேர் இன்சூரன்ஸ்லதான் வர்றாங்க, அதனால நிஜமா நிறைய பேருக்கு ஆகுற செலவு அந்த பேக்கேஜ் ரேட்தான்னு சொல்லுவாங்க. சில பாலிசில இன்னும் ஒரு படி மேல போய், நெட்வொர்க் இல்லாத ஆஸ்பத்திரின்னாலும் நெட்வொர்க் ரேட் வரைக்கும்தான்னு தனி வரியே போட்டிருப்பாங்க. அந்த வரி உங்க பாலிசில இருந்தா மேல சொன்ன வாதம் ரொம்ப தளர்ந்து போயிடும், அதனால மெயில் போடறதுக்கு முன்னாடி அது இருக்கா இல்லையான்னு தேடிப் பாருங்க.

"கேஷ்லெஸ்ல போனா இந்தப் பிரச்சனை வராதுல்ல?"

நெட்வொர்க் ஆஸ்பத்திரின்னா வரக்கூடாது, ஆனா வேற வடிவத்துல வரும். ஆஸ்பத்திரி ஒரு தொகைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கு, அதுக்கு மேல பில் போட்டா கம்பெனி குறைக்கும், குறைஞ்சதை "நீங்க கட்டுங்க"ன்னு டிஸ்சார்ஜ் நேரத்துல நம்ம தலைல வைப்பாங்க. டிரிப் எடுத்தாச்சு, பையைக் கட்டியாச்சு, ஆட்டோ வெளில நிக்குது, அந்த நேரத்துல யாரும் கேள்வி கேட்காம கட்டிடுவாங்கன்னு டெஸ்க்ல இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும், நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், அதனால சொல்றேன். ஒப்பந்த ரேட்டுக்கு மேல உள்ள வித்தியாசத்தை நோயாளிகிட்ட வாங்கக் கூடாதுன்னு அந்த ஒப்பந்தத்துலயே பெரும்பாலும் இருக்கும். ஃபைனல் அப்ரூவல் லெட்டரைக் கையில வாங்கிப் பாருங்க. அதுல டாரிஃபுக்கு மேல உள்ளதுன்னோ ஹாஸ்பிட்டல் டிஸ்கவுண்ட்னோ போட்டிருந்தா அது ஆஸ்பத்திரி விட்டுக் கொடுக்க வேண்டிய தொகை. நீங்க கட்ட வேண்டியது நான்-பேயபிள், பாலிசிப்படி உங்க பங்கா வர்ற கோ-பே, ரூம் வித்தியாசம் இவ்ளோதான். அந்த இடத்துலயே டிபிஏக்கு ஃபோன் போட்டு, இந்தத் தொகையை என்கிட்ட கேக்கறாங்க, இது நான் கட்ட வேண்டியதான்னு கேளுங்க. அந்த ஒரு ஃபோன்ல பல தடவை பில் மாறியிருக்கு.

நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரிலயும் கேஷ்லெஸ் கேக்கலாம்னு 2024 ஜனவரில ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, பிளான் பண்ண ஆபரேஷன்னா 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும், எமர்ஜென்சின்னா அட்மிட் ஆகி 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். அங்க முன்கூட்டி பேசின ரேட் இல்லாததால ரீசனபிள் அண்ட் கஸ்டமரி கத்தி முழுசா இருக்கும். ஒரு நல்லது என்னன்னா எவ்ளோ கட் ஆகும்னு அப்ரூவல்லயே தெரிஞ்சிடும், எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு லெட்டர்ல தெரியாது.

"உங்க சித்தப்பா கேஸ்ல என்ன ஆச்சு, கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்"

திருச்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்து வலி தாங்காம, பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க, நெட்வொர்க்கான்னு பார்க்கற நிலைமைல யாரும் இல்ல. பித்தப்பைல கல்லு, வீங்கி சீழ் கட்டியிருந்துச்சு. மறுநாள் லேப்ராஸ்கோப்பில எடுத்தாங்க. பில் இது: ரூம் மூணு நாள் 12,000, சர்ஜன் 45,000, மயக்க டாக்டர் 13,500, ஓடி சார்ஜ் 22,000, மருந்தும் கன்ஸ்யூமபிள்ஸும் 24,600, டெஸ்ட் 11,500. மொத்தம் 1,28,600. முழுசா கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம். ரூம் நாளைக்கு 4,000தான், பாலிசி எல்லை 5,000, அதனால விகிதக் கழிவு எதுவும் வர வழியில்ல.

லெட்டர் வந்துச்சு. நான்-பேயபிள் 3,100, ரீசனபிள் அண்ட் கஸ்டமரி 50,500, அனுமதிச்சது 75,000. சித்தப்பா லெட்டரை மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டு "வந்தது வரைக்கும் போதும்பா, விடு"ன்னுட்டாரு. சித்திதான் விடல, நகையை வெச்சு கட்டின பணம் அது.

முதல் மெயில்ல எதையும் வாதாடல, ஒரே கேள்விதான் கேட்டோம்: 75,000ங்கறதை எப்படி முடிவு பண்ணீங்க, எந்த ஆஸ்பத்திரிகளோட ஒப்பிட்டீங்க? பத்து நாள் கழிச்சு, அந்த நகரத்துல அதே சிகிச்சைக்கான நெட்வொர்க் பேக்கேஜ் அடிப்படைன்னு ரெண்டு வரி பதில் வந்துச்சு. அந்தப் பதில்தான் எங்களுக்கு வேண்டியது. ஏன்னா மூணு விஷயத்துல ஒண்ணை மட்டும் பார்த்திருக்கோம்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க.

அப்புறம் மூணு விஷயத்துக்கும் தனித்தனியா காகிதம் சேர்த்தோம். ஆஸ்பத்திரியோட டாரிஃப் ஷீட் வாங்கினோம், சீல் போட்டு. அதே அளவு படுக்கை இருக்கற, லேப்ராஸ்கோப்பி வசதி உள்ள மூணு திருச்சி ஆஸ்பத்திரில இதே ஆபரேஷனுக்கு எழுத்துல எஸ்டிமேட் வாங்கினோம், 1,05,000, 1,12,000, 1,30,000னு வந்துச்சு. சர்ஜன்கிட்ட போய் ஒரு சர்டிஃபிகேட் கேட்டோம், அவரு நல்ல மனுஷன், நின்ன நிலைலயே எழுதிக் கொடுத்தாரு: சீழ் கட்டின பித்தப்பை, ஒட்டிப் போயிருந்த திசுவைப் பிரிக்க வேண்டியிருந்ததால ஆபரேஷன் மூன்றரை மணி நேரம் ஆச்சு, ஆன்டிபயாடிக் கூடுதலா ஊசில போச்சு, ஒரு நாள் கூட வெச்சிருக்க வேண்டி வந்துச்சுன்னு. ஆபரேஷன் நோட்ஸ்லயும் அதேதான் இருந்துச்சு. பேக்கேஜ் ரேட்ங்கறது காலைல வந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மறுநாள் வீட்டுக்குப் போற கேஸுக்குப் போட்டது, ராத்திரி எமர்ஜென்சில சீழோட வந்த கேஸ் அது இல்லன்னு அந்த ஒரு பேப்பரே சொல்லிடுச்சு.

டாரிஃப் ஷீட்டைப் பார்த்தப்ப எங்களுக்கே ஒரு அடி விழுந்துச்சு. சர்ஜன் ஃபீஸ் இந்த ஆபரேஷனுக்கு 35,000னு இருக்கு, பில்லுல 45,000. ஓடி சார்ஜ்ல லேப்ராஸ்கோப்பி உபகரணம் அடக்கம்னு ஷீட் சொல்லுது, பில்லுல ஓடி 22,000ஐ பிரிச்சுப் பார்த்தா அதுக்குள்ள தனியா 7,500 உபகரணத்துக்குன்னு ஏத்தியிருக்கு. அதாவது ஆஸ்பத்திரியோட சொந்த வழக்கமான கட்டணத்தையே தாண்டி 17,500. அந்த இடத்துல கம்பெனி குறைச்சது சரிதான், வரையறையோட முதல் பாதி சொல்றதே அதைத்தான்.

அதனால 50,500ஐயும் கேட்காம, 17,500 போக மீதி 33,000க்கு மட்டும் கணக்குப் போட்டு, கம்பெனில புகாரைப் பார்க்கற கிரீவன்ஸ் ஆபீசருக்கு எல்லா காகிதமும் சேர்த்து அனுப்பினோம். மூணாவது வாரம் 33,000 வந்துச்சு. மொத்தம் 1,08,000. அந்த ஷீட்டை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா உபகரண சார்ஜ் 7,500ஐ திருப்பிக் கொடுத்தாங்க, சர்ஜன் ஃபீஸ் 10,000 வரல. நான் இன்னிக்கும் நம்பறது, நாங்களே 17,500ஐ விட்டுக் கொடுத்துக் கேட்டதாலதான் மீதியைப் பத்தி அவங்க பேசவே இல்ல.

"மெயில்ல என்னன்னு எழுதணும்? எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராது"

நீளமா எழுத வேண்டாம், கோபமாவும் வேண்டாம். கிளைம் நம்பர், பாலிசி நம்பர், கட் ஆன தொகை, அப்புறம் நாலு கேள்வி போதும். எந்தெந்த பில் வரில எவ்ளோ குறைச்சீங்க. பாலிசில எந்த ஷரத்துப்படி. ஒப்பிட்ட ஆஸ்பத்திரிகள் எது, அதெல்லாம் நோயாளி இருந்த ஆஸ்பத்திரி மாதிரி தரத்துல, வசதில உள்ளதா. நோயோட தன்மையை எப்படி கணக்குல எடுத்தீங்க. தமிழ்லயே எழுதினாலும் தப்பில்ல, தெரிஞ்ச பசங்க யாராவது இங்கிலீஷ்ல மாத்திக் கொடுப்பாங்க.

கிளைமை முழுசா மறுத்தாலும் சரி ஒரு பகுதி குறைச்சாலும் சரி, பாலிசியோட எந்த ஷரத்துன்னு குறிப்பிட்டு முழு விவரத்தோட சொல்லணும்னு ஐஆர்டிஏஐயோட 2024 மே மாஸ்டர் சர்குலர்லயே இருக்கு, அந்த ஒரு வரியை மெயில்ல போடுங்க. மொத்தத் தொகைய ஒரே வரில கட் பண்ணியிருந்தா, வரிவாரியா பிரிச்சுக் கொடுங்கன்னு கேக்கறது முக்கியம், ஏன்னா பிரிச்சுக் கொடுக்கும்போதுதான் மருந்தையும் டெஸ்ட்டையும் கூட பேக்கேஜுக்குள்ள அமுக்கியிருக்காங்கன்னு தெரியும். மருந்துல எம்ஆர்பி அச்சடிச்சிருக்கு, அது அந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் அதே எம்ஆர்பிதான், அதை எப்படி வழக்கத்துக்கு மீறின விலைன்னு சொல்லுவாங்கன்னு கேளுங்க. முழங்கால் இம்ப்ளான்ட், இதய ஸ்டென்ட் மாதிரி அரசாங்கமே உச்ச விலை வெச்ச பொருளுக்கும் இதே கேள்விதான். எத்தனை மருந்து போட்டாங்க, தேவைதானாங்கறது வேற கேள்வி, அதுக்கு டாக்டர் நோட்ஸ் பதில் சொல்லும்.

ஃபோன்ல பேசினது எதுவும் கணக்குல வராது, பேசிட்டு வெச்ச உடனே "இன்னிக்கு இத்தனை மணிக்கு இப்படி சொன்னீங்க"ன்னு ஒரு மெயில் தட்டி விட்ருங்க.

"அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன். 62,000 பில், 35,000தான் வந்துச்சு. இதையும் எதிர்த்துக் கேக்கலாமா?"

முதல்ல பாலிசில கண்புரைக்குன்னு தனி சப்லிமிட் இருக்கான்னு பாருங்க. ஒரு கண்ணுக்கு இவ்ளோன்னு எழுதியிருந்தா அது எழுதின எல்லை, கேக்கறதுக்கு இடமில்ல. எழுதாம இருந்து, ரீசனபிள் அண்ட் கஸ்டமரின்னு குறைச்சிருந்தாதான் பேச்சே.

இதுல விஷயம் பூரா லென்ஸ்லதான் இருக்கு. சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் வெச்சா ஒரு விலை, மல்டிஃபோகல் வெச்சா அதை விடப் பல மடங்கு. கண்ணாடி போடாம இருக்கறதுக்காக மல்டிஃபோகல் வெச்சிக்கிட்டா, பார்வை திரும்ப வர்றதுக்கு அது தேவையில்லைன்னு கம்பெனி சொல்லும், அதை உடைக்கறது கஷ்டம். ஆனா மோனோஃபோகல்தான் வெச்சாங்கன்னா, இல்லன்னா கருவிழி வளைவு சரியில்லாததால டோரிக் லென்ஸ் வேணும்னு டாக்டர் எழுதியிருந்தா, நியாயம் உங்க பக்கம். லென்ஸ் டப்பா மேல இருக்கற ஸ்டிக்கரை பில்லோட ஒட்டித் தருவாங்க, அதுல மாடலும் எம்ஆர்பியும் இருக்கும், தொலைச்சிடாதீங்க.

"கம்பெனி அசையவே இல்ல. ஆம்பட்ஸ்மன்கிட்ட போனா நடக்குமா, செலவு ஆகுமா?"

ஆம்பட்ஸ்மன்ங்கறது இன்சூரன்ஸ் தகராறைத் தீர்த்து வைக்கற அதிகாரி. செலவு இல்ல, வக்கீல் வெச்சுக்கவும் முடியாது, நீங்களேதான் பேசணும். கிரீவன்ஸ் ஆபீசருக்கு எழுத்துல புகார் கொடுத்து, ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ வந்த பதில் பிடிக்கலன்னாலோ போகலாம், கம்பெனியோட கடைசி பதில்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள. தமிழ்நாட்டுக்கு சென்னை அண்ணா சாலைல ஆபீஸ் இருக்கு, cioins.co.in ல ஆன்லைன்லயும் போடலாம். 50 லட்சம் வரைக்கும் உள்ள தகராறை எடுத்துக்குவாங்க. ஆபீஸ்ல கொடுத்த குரூப் பாலிசின்னாலும் போகலாம். ஆனா இதே விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்ல கேஸ் போட்டிருந்தா இங்க எடுக்க மாட்டாங்க. நடுவுல bimabharosa.irdai.gov.in ல ஒரு புகார் பதிஞ்சு வெச்சா கம்பெனி கொஞ்சம் வேகமா நகரும், ஆனா அங்க தீர்ப்பு எதுவும் கிடைக்காது, உங்க புகாரை கம்பெனிக்கே அனுப்பி பதில் சொல்ல வைப்பாங்க, அவ்ளோதான்.

தீர்ப்பு ரெண்டு பக்கமும் வருது. ஒப்பீட்டுக்கு ஆதாரமே காட்டாம கம்பெனி வந்து நின்னா நோயாளிக்கு சாதகமா போகும், நோயாளி வெறுங்கையோட போய் "அநியாயம்"னு மட்டும் சொன்னா கம்பெனி வெச்ச ரேட் ஷீட்தான் நிக்கும். விசாரணை பெரிய கோர்ட் மாதிரி இருக்காது, வீடியோலயும் நடக்கும், கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதனால எஸ்டிமேட், டாரிஃப் ஷீட், டாக்டர் சர்டிஃபிகேட் மூணையும் மேல வெச்சு, எவ்ளோ கேக்கறீங்கங்கற கணக்கை ஒரே பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க.

"எல்லா கேஸ்லயும் கம்பெனிதான் தப்பா? எப்ப விட்டுடலாம்?"

இல்லவே இல்ல. டெஸ்க்ல இருந்தப்ப என் கண்ணால பார்த்தது, நோயாளி இன்சூரன்ஸா கேஷான்னு கேட்டுட்டுதான் எஸ்டிமேட் போடற இடங்கள் உண்டு. ஒரே ஆபரேஷன், ஒரே ரூம், ஒரே டாக்டர், கார்டு இருந்தா ஒரு விலை இல்லன்னா ஒரு விலை. அந்த வித்தியாசத்தை கம்பெனி கட்டிக்கிட்டே போனா அது அடுத்த வருஷ பிரீமியத்துல நம்மகிட்டதான் வரும். அந்த ஷரத்து இருக்கறதுக்குக் காரணமே இதுதான்.

உங்க பில் டாரிஃப் ஷீட்டைத் தாண்டியிருந்தா, நீங்க வாங்கற மூணு எஸ்டிமேட்டும் உங்க பில்லை விட ரொம்ப கீழ வந்தா, கேஸ்ல சிக்கல் எதுவும் இல்லாம சாதாரணமா முடிஞ்சிருந்தா, கம்பெனியோட சண்டை போடறதை விட ஆஸ்பத்திரி பில்லிங் மேனேஜரைப் போய்ப் பாருங்க. திரும்ப வர வேண்டிய பணம் அங்கதான் இருக்கு.

"அடுத்த மாசம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் வெச்சிருக்கு. முன்னாடியே என்ன பண்ணி வெச்சா நல்லது?"

உங்களுக்கு நேரம் இருக்கு, அதுவே பெரிய விஷயம். முதல்ல ஆஸ்பத்திரி உங்க கம்பெனியோட நெட்வொர்க்ல இருக்கான்னு கம்பெனி வெப்சைட்ல பாருங்க, ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல சொல்றதை மட்டும் நம்பாதீங்க, ஒப்பந்தம் முடிஞ்சு போயும் போர்டு அப்படியே தொங்கிட்டு இருக்கும். நெட்வொர்க்னா, இந்த ஆபரேஷனுக்கு பேக்கேஜ் இருக்கா, இருந்தா அதுல உள்ள வெச்சுத் தைக்கற வலை, அதாவது மெஷ், அடக்கமான்னு டெஸ்க்ல கேளுங்க. ஹெர்னியால மெஷ்தான் அப்புறம் தகராறு ஆகற சாமான்.

நெட்வொர்க் இல்லன்னா, எஸ்டிமேட்டை சீல் போட்டு எழுத்துல வாங்கி கம்பெனிக்கு மெயில் பண்ணி, இதுல எவ்ளோ ஏத்துக்குவீங்கன்னு கேட்டு வைங்க, பதில் வந்தாலும் வராட்டியும் கேட்டதுக்கு ஆதாரம் இருக்கும். ரோபோட்டிக்ல பண்ணலாம்னு டாக்டர் சொன்னா, பாலிசில ரோபோட்டிக்குக்கு தனி எல்லை இருக்கான்னு பார்க்காம தலையாட்டிடாதீங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஃபைனல் பில்லோட, ஓடி சார்ஜுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்ச பில்லையும், ஆபரேஷன் நோட்ஸ் காப்பியையும் கேட்டு வாங்கிக்கோங்க, சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பிடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு போய்க் கேட்டா ரெக்கார்ட் ரூம்ல இருந்து எடுத்துத் தர ஒரு வாரம் அலைய விடுவாங்க, அன்னிக்கே கேட்டா அரை மணி நேரத்துல ஜெராக்ஸ் கைக்கு வந்திடும்.